லைனிங் போட்ட வாய்க்காலில் தண்ணீர் இறங்கிப்போன கதை

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். ஆயக்கட்டு 90 ஹெக்டேர், ஒரே மடை, மடையிலிருந்து 2,400 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண் வாய்க்கால். 400-வது மீட்டரில் முதல் கிளை, 1,500-ல் இரண்டாவது கிளை, மிச்சம் கடைமடைக்கு. முதல் கிளையில் 25 ஹெக்டேர், இரண்டாவதில் 30, கடைமடையில் 35. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போக நெல். பல வருடங்களுக்கு முன் அந்த வாய்க்காலுக்கு லைனிங் வடிவமைத்தவன் நான். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அப்போது நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். கையிலிருந்த பணத்துக்கு எவ்வளவு நீளம் வரும் என்று பார்த்தேன். 800 மீட்டர் வந்தது. மடையடியிலிருந்து தொடங்கி 800 மீட்டருக்கு 75 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டோம். அடி அகலம் 90 சென்டிமீட்டர், கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்று, நீளவாட்டுச் சாய்வு 2,000-க்கு 1. பழைய மண் வாய்க்காலின் அளவும் சாய்வும் அப்படியே. பார்க்க அழகாக இருந்தது.

மறு பருவத்தில் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள் நீர்பாய்ச்சி அண்ணன் போன் செய்தார். "சார், தண்ணிய மிச்சம் பிடிக்கத்தானே கட்டுனீங்க. இப்ப முதக் கிளைக்குத் தண்ணியே ஏற மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். முதல் கிளையின் வாயில் இருந்த குழாயின் வாய் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. லைனிங் வாய்க்காலுக்குள் குறுக்கே வாழைமரத் துண்டுகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு, ஊர்க்காரர்கள் தண்ணீரை ஏற்றியிருந்தார்கள். இரண்டே நாளில் ஒரு இடத்தில் தண்ணீர் கரைமேல் வழிந்து, சிலாப்பின் பின்னால் மண் அரித்திருந்தது. கடைமடைக்காரர்களுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்பது எளிய கணக்கு. வாய்க்காலில் வேகத்துக்கான மேனிங் சூத்திரமும், வாய்க்காலின் குறுக்கே கட்டும் மேடைமேல் வழியும் தண்ணீருக்கான சூத்திரமும் இங்கே திரும்பத் திரும்ப வரும் என்பதால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

```
V = (1/n) × R^(2/3) × S^(1/2)
Q = 1.7 × b × H^1.5
```

முதலாவதில் n என்பது சொரசொரப்பு, R என்பது ஓடும் நீரின் குறுக்குவெட்டுப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது, S சாய்வு. இரண்டாவதில் b மேடையின் அகலம், H மேடைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம், இரண்டும் மீட்டரில். Q வினாடிக்குக் கன மீட்டரில் வரும்.

மடையில் திறப்பது வினாடிக்கு 148 லிட்டர், அதாவது 5 கன அடிக்குச் சற்று மேல். புல் மண்டிய மண் வாய்க்காலுக்கு n 0.035. அந்த ஓட்டத்துக்கு ஆழம் 42 சென்டிமீட்டர் வரும். அதே வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் n 0.018 ஆகிறது, அதே 148 லிட்டர் 29 சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஓடிவிடும். தண்ணீர் குறையவில்லை, வேகம் கூடியதால் மட்டம் 13 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. கிளைக் குழாய் அமைந்திருந்ததோ பழைய 42-ஐ நம்பி. லைனிங்கையும், கிளைக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் பிரிமடையையும் தனித்தனி வேலையாக நினைத்ததுதான் என் பிழை. லைனிங் எஸ்டிமேட்டில் குழாயைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

நேரில் அளந்தபோது இறக்கம் 13 அல்ல, 11. அதற்கும் காரணம் உண்டு. 800-வது மீட்டருக்குக் கீழே மண் வாய்க்கால் மறுபடியும் தொடங்குகிறது. அங்கே தண்ணீர் பழைய உயரத்திலேயே நிற்கும். அந்த ஏற்றம் மேல்நோக்கிக் கொஞ்ச தூரம் எதிரொலிக்கும். 13 சென்டிமீட்டரை 2,000-க்கு 1 என்ற சாய்வால் வகுத்தால் 260 மீட்டர். அதற்கு அப்பாலும் வாலாட்டம் போலக் கொஞ்சம் இருக்கும். கிளை 400 மீட்டர் தள்ளி இருந்ததால் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் கிடைத்தது. கிளை வாய் லைனிங் முடியும் இடத்தில் இருந்திருந்தால் எனக்குப் பிரச்சினையே தெரிந்திருக்காது. தப்பான கணக்கோடு இன்னும் பத்து வாய்க்கால் வரைந்திருப்பேன்.

சில வருடம் கழித்து அதே வாய்க்காலில் மிச்சத்தையும் செய்யப் பணம் வந்தது. இந்த முறை முதலில் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு, ஒரே நாளில் நான்கு இடங்களில் நீரோட்ட வேகத்தைக் காட்டும் கரண்ட் மீட்டர் வைத்து ஓட்டத்தை அளந்தோம். மடையில் 148, லைனிங் முடியும் 800-ல் 139, 1,500-ல் 101, கடைமடையில் 92. எண்கள் லிட்டரில். ஆக 56 லிட்டர் வழியிலேயே காணாமல் போகிறது, நூற்றுக்கு 38. அதில் 38 லிட்டர், நடுவில் உள்ள 700 மீட்டருக்குள் மட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரண்ட் மீட்டரில் 5 சதவீதப் பிழை சர்வ சாதாரணம். 148-ல் 5 சதவீதம் என்றால் 7 லிட்டர். முதல் 800 மீட்டரில் "9 லிட்டர் இழப்பு" என்று வந்த எண்ணும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மேலே அளந்து கீழே அளந்து கழிக்கும் முறை, இழப்பு பெரிதாக இருந்தால்தான் நம்பத்தக்கது. 38 லிட்டரை நம்பலாம், 9-ஐ நம்ப முடியாது. அதனால் சின்ன இழப்புகளுக்குக் குட்டை கட்டிப் பார்க்கும் முறைக்குப் போனோம்.

அது சிரமமில்லாத வேலை. வாய்க்காலில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு மண் தடுப்பு, உள்ளே தார்ப்பாய் ஒட்டி ஒழுகாமல் அடைப்பது, வழக்கமான மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்புவது, நடுவில் ஒரு அளவுக்கோல். முதல் சில மணி நேரம் காய்ந்த மண் குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் காலை மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கு மணி பார்க்க வேண்டும். ஆவியாவது நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான், அதை விட்டுவிடலாம்.

களிகலந்த மண் உள்ள இடங்களில் மட்டம் மணிக்கு அரை சென்டிமீட்டர் இறங்கியது. நீர்ப்பரப்பின் அகலம் 1.7 மீட்டர் என்று வைத்தால், 800 மீட்டர் நீளத்துக்கு வினாடிக்கு 2 லிட்டர்கூட இல்லை. என் முதல் லைனிங் போட்ட 800 மீட்டரும் இதே மண்தான். லைனிங் போடும் முன்னரே அங்கே கசிவு 2 லிட்டருக்குள்தான் இருந்திருக்கும். அத்தனை கான்கிரீட்டைப் போட்டு நான் மிச்சப்படுத்தியது அதில் ஒரு பங்கு. இதைக் கண்டுபிடித்த அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுப்பகுதியில் 1,200-லிருந்து 1,450 மீட்டர் வரை ஒரு பழைய ஓடைத் தடம். அடியில் பருமணலும் சரளையும். அங்கே குட்டை மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கியது, மற்ற இடத்தைப் போல 20 மடங்கு. 250 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 12 லிட்டர். மிச்சமுள்ள 450 மீட்டருக்கு 1 லிட்டர். சரி, மொத்தம் 13. ஆனால் அந்தப் பகுதியில் காணாமல் போவது 38. மீதி 25 லிட்டர் எங்கே?

இதுதான் இரண்டு முறையிலும் அளப்பதன் பயன். குட்டை காட்டுவது மண்ணுக்குள் இறங்கும் கசிவை மட்டும். ஓட்டத்தைக் கழித்துப் பார்ப்பது கசிவையும் ஒழுக்கையும் சேர்த்துக் காட்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒழுக்கு. வாளியும் வாட்சுமாக நடந்தோம். அந்த 700 மீட்டரில், மணல் தொடங்கும் முன்பே, கரையை வெட்டி வைத்த ஏழு வாய்கள். "அடைத்திருந்தோம்" என்றால் வைக்கோலும் சேறும் வைத்து. ஒவ்வொன்றின் கீழேயும் 15 லிட்டர் வாளி ஆறு ஏழு நொடியில் நிறைந்தது. ஏழையும் கூட்டினால் 17 லிட்டருக்குப் பக்கம். ஓடையைக் கடக்கும் சின்னத் தொட்டிப்பாலத்தின் பக்கச்சுவர், கரையோடு சேரும் இடத்தில் விட்டுப்போய் அதன் வழியே ஒன்று, நண்டு வளைகள் நாலைந்து. மீதிக் கணக்கு அங்கே சரியாயிற்று.

ஆக மொத்த இழப்பில் லைனிங்கால் மட்டும் தீரக்கூடியது 250 மீட்டரில் 12 லிட்டர். மற்றதில் பெரும்பங்கு கதவு இல்லாத வாய்கள். முழு 1,600 மீட்டருக்கும் லைனிங் போட வந்த பணத்தில் 250 மீட்டருக்கு மட்டும் நன்றாகப் போட்டு, மிச்சத்தைப் பிரிமடைகளில் செலவிடலாம் என்று எழுதினேன். மேலே ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீளத்துக்குத்தான் அங்கே மதிப்பு. குட்டை அளவுகளைத் தேதி, நேரம், படத்தோடு இணைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

250 மீட்டர் லைனிங்கில் மூன்று விஷயத்தில் கறாராக இருந்தேன். முதலாவது, கான்கிரீட்டுக்கு அடியில் எல்.டி.பி.ஈ. என்ற பிளாஸ்டிக் தாள். கசிவைத் தடுப்பது கான்கிரீட் அல்ல, விரிசல் இல்லாமை. மெல்லிய சிலாப் எப்படியும் விரியும். மணலின் மேல் விரிந்தால் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது, மூன்று மீட்டருக்கு ஒரு இணைப்பு, அதைத் தாரால் அடைப்பது, 14 நாள் ஈரச்சாக்கு. மூன்றாவது, பில் போடும் முன் அதே இடத்தில் அதே குட்டைச் சோதனை. மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கிய இடத்தில் இப்போது 0.4. லைனிங் போட்ட வாய்க்காலுக்கு வழக்கமாக எடுக்கும் கசிவு அளவு, பத்து லட்சம் சதுர மீட்டர் நனைபரப்புக்கு வினாடிக்கு 0.6 கன மீட்டர். அதை மாற்றினால் மணிக்கு 0.2 சென்டிமீட்டர்தான் வரும். இரண்டு மடங்கு கசிகிறது என்றாலும் 12 லிட்டர் அரை லிட்டராக ஆகிவிட்டது. இந்த நீளத்தில் எந்த வாயும் இல்லை. மட்டம் இறங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

அப்புறம் பிரிமடை. பழைய முதல் கிளையில் இருந்தது 30 சென்டிமீட்டர் விட்டக் குழாய். குழாயின் குணம் இது: அதன் மேல் நிற்கும் நீர் உயரம் நான்கில் ஒன்றாகக் குறைந்தாலும் ஓட்டம் பாதிதான் குறையும். மேடைமேல் வழியும் தண்ணீரோ, உயரம் நான்கில் ஒன்றானால் எட்டில் ஒன்றாகிவிடும். தலைமடையில் குழாயும் கடைமடையில் திறந்த வாய்க்காலுமாக இருந்தால், கண்மாயில் தண்ணீர் குறையக் குறையக் குறைச்சல் முழுவதும் கடைமடையின் தலையில்தான் விழும். தலைமடைக்காரர் எதையும் திருடவில்லை; குழாய் அப்படித்தான் நடந்துகொள்ளும். வழக்கு மட்டும் மனிதர்கள் மேல்.

அதனால் குழாயை எடுத்துவிட்டு வாய்க்காலின் முழு அகலத்துக்கும் ஒரே மட்டத்தில் ஒரு கான்கிரீட் மேடை, அதன் நடுவே மெல்லிய முனையுள்ள பிரிசுவர். தண்ணீர் எவ்வளவு வந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வழியும். பங்கு அகலத்தைப் பொறுத்தது மட்டுமே. அகலத்தை எப்படி வைப்பது என்று யோசித்தபோது, ஹெக்டேருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வந்தது. முதல் பிரிமடை 90 சென்டிமீட்டர்: 25 கிளைக்கு, 65 கீழே போக. இரண்டாவது 65 சென்டிமீட்டர்: 30-ம் 35-ம். ஏழு வாய்களையும் நிரந்தரமாக மூடினோம். அவற்றின் 6 ஹெக்டேர் முதல் கிளையின் 25-க்குள் அடக்கம். கிளை வாய்க்கால் அந்த வயல்களுக்குப் பின்னால்தான் போகிறது, 150 மீட்டர் நீட்டினால் போதுமாக இருந்தது.

மேடையின் உயரத்தைத்தான் கவனமாகக் கணக்கிட வேண்டும். முதல் பிரிமடைக்கு வருவது ஏறக்குறைய 145 லிட்டர். 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு H சுமார் 21 சென்டிமீட்டர். மேடையை அடியிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், மேலே நீர்மட்டம் 43. லைனிங்கால் நான் இறக்கிய மட்டம் அங்கே திரும்பக் கிடைத்துவிட்டது. கீழ்ப்பக்கம் லைனிங், அங்கே தண்ணீர் தாழ்வாகவே ஓடும். கீழ்மட்டம், மேடைக்கு மேல் H-ன் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதவரை மேடை தன் வேலையைச் செய்யும். தாண்டினால் மேடை முழுகியது போலத்தான். சூத்திரமும் பங்கும் இரண்டுமே போச்சு. கிளைப் பக்கத்தில் தூர் வாராமல் வண்டல் ஏறினால் இதுதான் நடக்கும். தெரிந்துகொள்ள எளிய வழி: மேடையின் கீழ் விளிம்பில் தண்ணீர் சரிந்து விழுந்து சுழித்தால் சரி. கண்ணாடி போலத் தட்டையாகப் போனால் கிளையில் தூர் வார வேண்டும்.

கொத்தனாரிடம் சண்டை வந்தது மேடையின் மட்டத்துக்காக. ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் என்ன என்றார். H 20 ஆக இருக்கும்போது அந்தப் பக்கம் எட்டு சதவீதம் கூடுதலாகப் போகும்; பருவ முடிவில் H 5 ஆகும்போது 30 சதவீதத்துக்கு மேல். தண்ணீர் எப்போது குறைகிறதோ, அப்போதுதான் சண்டையும் வரும். லெவல் கருவியை நம்பாமல் தண்ணீரையே நம்பினோம். மேலே தடுப்புப் போட்டு மெல்ல நிரப்பினால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நனைய வேண்டும். முதல் தடவை கிளைப் பக்கம் முந்திக்கொண்டது. சொரசொரப்பாக்கி மெல்லிய சிமெண்ட் பூச்சு வைத்து, மறுபடி நிரப்பிப் பார்த்து, மூன்றாவது தடவை சரியாயிற்று. இன்னொன்று, பிரிமடைக்கு முன் ஆறு மீட்டராவது வாய்க்கால் நேராக இருக்க வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் வெளிப்பக்கம் தண்ணீர் ஒதுங்கி, சென்டிமீட்டர் கணக்கெல்லாம் பொய்யாகும்.

ஹெக்டேருக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்ததில் நான் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. இடையில் இழப்பே இல்லையென்றால் இரண்டு பிரிமடையிலும் H ஒன்றாகவே இருக்க வேண்டும். 145-ல் கீழே போகும் பங்கு 105 லிட்டர். 65 சென்டிமீட்டர் மேடையில் அதுவும் 21-தான் காட்டும். இரண்டிலும் ஒரு ஸ்கேல் பதித்துவிட்டோம். வேலை முடிந்த பருவத்தில் மேலே 21, கீழே 20. அதாவது வழியில் 6 லிட்டர் இழப்பு. முன்பு நடுப்பகுதியில் மட்டும் 38 போன இடம். கடைமடைக்குத் தேவைக்கு மேலேயே போனதால் மடையையே கொஞ்சம் இறக்கினோம். வினாடிக்கு 30 லிட்டர் குறைத்தாலும் எல்லோருக்கும் எட்டியது. ஒரு நாளுக்கு 2,600 கன மீட்டர் கண்மாயிலேயே நிற்கிறது. முதல் கிளையின் 25 ஹெக்டேருக்கும் ஒரு நாள் வைக்க வேண்டிய பத்து மில்லிமீட்டர் தண்ணீர் அது.

குறைகளும் உண்டு. 25 சென்டிமீட்டர்ப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் சிக்கிக்கொள்ளும்; தினம் ஒருவர் எடுத்துவிட வேண்டும். முறைப்பாசனம் வைக்க வேண்டிய வறட்சியில் இந்த மேடை உதவாது, ஏனென்றால் எவ்வளவு வந்தாலும் அது பிரித்துத்தான் கொடுக்கும். அதற்காக இரண்டு பக்கமும் பலகை இறக்கக் காடி விட்டிருக்கிறோம். பலகைகள் நீர்பாய்ச்சி அண்ணன் வீட்டில் பூட்டி இருக்கின்றன.

அடுத்த பருவத்தில், மடையை இன்னும் இறக்காமல் இருந்தபோது, ஒரு காலை அவரே கூப்பிட்டார். "சார், மேல 21 நிக்கிது, கீழ 18-தான் இருக்கு. நேத்து சாயங்காலம் 20 இருந்துச்சு." கணக்குப் போட்டேன், வழக்கத்துக்கு மேல் 14 லிட்டர். "அண்ணே, நண்டு வளை இவ்வளவு இழுக்காது, மூடுன வாய்கள பாருங்க" என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். நான்காவது வாயில், மூடிய கொத்துவேலைக்குப் பக்கத்தில் கரையைத் துளைத்து ஒரு ஆறு அங்குலக் குழாய், மேலே புல்கட்டு வைத்து மறைத்திருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. "ஊர்ல பேசிக்கிறோம் சார்" என்றார். மதியம் கீழே ஸ்கேல் 20-க்கு வந்துவிட்டது.